டைல்ஸுக்குள் மூடிவிட்ட சுடுதண்ணீர்க் குழாய்: ஒரு பாத்ரூமில் மட்டும் மக்கல் மணம், என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். வெள்ளவத்தையில் எங்களுக்கு மூன்று தட்டு வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மேலே உள்ள அறைகளை விசா, பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி அலுவல் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். மொட்டை மாடியில் 300 லீற்றர் சோலார் ஹீட்டர் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு 25 மில்லிமீற்றர் பிபிஆர் பிளாஸ்டிக் குழாய் சுவருக்குள்ளால் இறங்கி, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் கிளை பிரிகிறது.

போன வருடம் முதலாம் மாடி பாத்ரூமைத் திருத்தினோம். குளியல் தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் மட்டும் வைத்தோம். தொட்டிக்குப் போன சுடுதண்ணீர்க் குழாயை பிளம்பர் சுவரோடு வெட்டி, மூடி போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் இந்தக் கரைச்சல். அந்த ஒரு பாத்ரூமில் சுடுதண்ணீரைத் திறந்தால் முதலில் வெதுவெதுப்பாக, ஈரச் சாக்கு மணத்தோடு வரும். சில நேரம் பழுப்பாகத் துகள்களும் வரும். ஓடவிட்டால் சரியாகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஒன்றும் இல்லை, இரண்டாம் மாடியிலும் ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் மாமி வந்து அந்த அறையில் தங்கப் போகிறார். நெஞ்சு வருத்தக்காரர், இன்ஹேலர் பாவிக்கிறவர். பிளம்பரைக் கேட்டால் தாங்கியில் குளோரின் ஊற்றினால் போய்விடும் என்கிறார். போகுமா?

தெஹிவளை சுதா:
எங்கள் வீட்டிலும் இதேதான்! கூழ்முட்டை மணம். ஹீட்டருக்குள் இருக்கிற மக்னீசியம் கம்பியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம், மணம் போய்விட்டது. நீங்களும் அதை முதலில் பாருங்கள்.

சோலார் சிவா:
இதற்குப் பயப்படத் தேவையில்லை. நல்ல வெயில் நாளில் சோலார் தாங்கி 70 பாகையைத் தாண்டும். 60 பாகையில் தண்ணீரில் வளர்கிற பெரும்பாலான கிருமிகள் நிமிடக் கணக்கில் செத்துப்போகும். மழை நாளில் மட்டும் உள்ளே இருக்கிற மின் எலிமென்டைப் போட்டுச் சூடாக்குங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து அதை நிறுத்தி வைத்திருப்பீர்கள், அதுதான் பிரச்சினை.

பாய்லர் அறை:
ஹோட்டல் மெயின்டெனன்ஸில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுதா அக்கா, உங்களுடையது வேறு கதை. ஹீட்டருக்குள் கோளாறு என்றால் வீட்டில் உள்ள எல்லாச் சுடுதண்ணீர்க் குழாயிலும் மணக்கும். இவருக்கு ஒரு பாத்ரூமில் மட்டும்தான்.

சிவா தம்பி தாங்கியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தாங்கித் தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தாலும் மூடிய கிளைக்குள் அது போகாதே? போய் வெளியேற வழி இல்லை. சுடுதண்ணீர் கிளை பிரிகிற மூட்டைக் கடந்து ஷவருக்கு ஓடிவிடும். கிளையின் வாய்ப்பக்கம் கொஞ்ச நீளம் மட்டும் சூடு ஏறும், கடைசிப் பக்கம் சுவரின் சூட்டில், கொழும்பில் 30 பாகைக்குக் கிட்ட நிற்கும். இரண்டுக்கும் இடையில் எங்காவது ஒரு துண்டு எப்போதும் 35, 40 பாகையில் இருக்கும். லெஜியோனெல்லா என்கிற நிமோனியாக் கிருமிக்கு மிகவும் பிடித்த சூடு அதுதான். 20இலிருந்து 45 பாகை வரை அது பெருகும். குளிர் நாட்டில் என்றால் மூடிய குழாய் ஆறிக் குளிர்ந்தாவது போகும். எங்கள் ஊரில் அந்த வசதியும் இல்லை.

குளோரினும் அப்படித்தான். சபைத் தண்ணீரில் வருகிற மிச்சக் குளோரின், நிற்கிற தண்ணீரில் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும். தாங்கியில் புதிதாக ஊற்றினால், ஒவ்வொரு குழாயையும் திறந்து குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டால்தான் அது அங்கே போய்ச் சேரும். மூடி போட்ட கிளையில் திறக்க என்ன இருக்கிறது? உள்சுவரில் வழவழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும். கிருமி அதற்குள்தான் குடியிருக்கும்.

உடைக்க முன் ஒன்று செய்யுங்கள். ஷவரின் ஹோஸையும் தலையையும் கழற்றிவிட்டு, சுவரில் இருந்து வருகிற வாயிலேயே கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். காலையில் முதல் தண்ணீர் ஒரு போத்தல், ஒரு நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. பிறகு மூடி, கொஞ்ச நேரம் விட்டுத் திறந்து மூன்றாவது. சமையல் தெர்மோமீற்றர் இருந்தால் சூட்டையும் பாருங்கள். ஹோஸுக்குள் இருக்கிற அழுக்கே இப்படி மணக்கலாம். அப்படியென்றால் ஹோஸை மாற்றினால் காரியம் முடிந்தது.

கொட்டாஞ்சேனை குமார்:
கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குடித்தால் போதும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

பாய்லர் அறை:
குமார், அவர் குடிக்கிற தண்ணீரைக் கேட்கவில்லை. இது குடித்து வருவதை விட மூச்சோடு போய் வருகிற நோய். ஷவரில் தெறிக்கிற நுண்துளி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களுக்கு வந்து, அடுத்த வருடம்தான் கிருமியைப் பிடித்தார்கள். வயதானவர்கள், புகைக்கிறவர்கள், நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். அதனால் மாமியை அந்தப் பாத்ரூமுக்குள் விட வேண்டாம்.

வெள்ளவத்தை வாசி:
அண்ணை, சொன்னபடி ஹோஸைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். முதல் போத்தல் கலங்கல், அடியில் பழுப்புத் துகள். ஒரு நிமிடம் கழித்துப் பிடித்தது தெளிவு, சூடு 54 பாகை. மூடித் திறந்தபோது திரும்பக் கலங்கல். ஒரு வாய் வந்து நின்றுவிட்டது. இதுதான் எனக்கு விளங்கவில்லை. மூடிய கிளைக்குள் இருப்பது மூடியே கிடக்க வேண்டுமே, எப்படி வெளியே வருகிறது?

பாய்லர் அறை:
அதுதான் நான் எதிர்பார்த்த விடை. ஹோஸ் காரணமில்லை. அந்தக் கிளைக்குள் காற்று சிக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஷவர் மூடியிருக்கும்போது மேல் தாங்கியின் அழுத்தம் காற்றை நெருக்கி வைத்திருக்கும். திறந்தவுடன் குழாயில் அழுத்தம் விழும். காற்று விரிந்து, தன் முன்னால் இருக்கிற தண்ணீரை மூட்டுக்குள் தள்ளிவிடும். மூடினால் நல்ல தண்ணீர் கொஞ்சம் உள்ளே போய் அங்கே இருக்கிற கிருமிக்கும் சாப்பாடு கொண்டுபோகும். ஒவ்வொரு குளியலுக்கும் இது நடக்கும். தாங்கி ஆறிச் சூடாகும்போதும் தண்ணீர் சுருங்கி விரிந்து கொஞ்சம் அசையும்.

தொட்டி எவ்வளவு தூரத்தில் இருந்தது?

வெள்ளவத்தை வாசி:
ஷவரில் இருந்து எதிர்ச்சுவர். குழாய் சுற்றிப் போனதால் ஒரு நாலு மீற்றர் வரும். திருத்த வேலையில் டைல்ஸ் ஒட்டுமுன் எடுத்த படம் போனில் இருக்கிறது, மூட்டு எங்கே என்று தெரிகிறது.

பாய்லர் அறை:
படம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். 25 மில்லிமீற்றர் பிபிஆரில் உள்விட்டம் 16.6 தான், மீற்றருக்கு 0.2 லீற்றர் சொச்சம் பிடிக்கும். நாலு மீற்றரில் கிட்டத்தட்ட 0.9 லீற்றர் தண்ணீர் போன வருடத்தில் இருந்து ஓட்டமில்லாமல் கிடக்கிறது.

வெட்ட வேண்டிய இடம் மூட்டுப்பக்கம், மூடி போட்ட பக்கம் இல்லை. பிளம்பர்கள் கை எட்டுகிற இடத்தில் வெட்டுவார்கள், அதனால்தான் இந்த வேலை வந்தது. மூட்டையே எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் நல்லது. சுவருக்குள் குழாயை அசைக்க இடமில்லை என்றால், மூட்டின் கிளைவாயிலேயே மூடி ஒட்டச் சொல்லுங்கள். மிஞ்சுகிற கட்டை குழாய் விட்டத்தின் இரண்டு மடங்குக்குள், உங்களுக்கு 5 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் ஓடுகிற தண்ணீரே அதைக் கழுவிக்கொள்ளும். இன்னொன்று: பிபிஆரை ஈரத்தில் ஒட்டினால் மூட்டு பிடிக்காது. தாங்கி வால்வை மூடி, கீழ்க்குழாயைத் திறந்து முழுவதையும் வடிய விட்டுப் பிறகு ஒட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் இப்போது சிவா தம்பி சொன்னதைச் செய்யலாம். எலிமென்டைப் போட்டுத் தாங்கியை 60க்கு மேல் ஒரு மணித்தியாலம் வைத்து, பிறகு ஒவ்வொரு குழாயிலும் 60 பாகை வந்த பிறகு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கை வெந்துவிடும், வாடகைக்கு ஆள் இல்லாத நாளில் செய்யுங்கள். ஷவரில் ஓடவிடும்போது தலையைப் பொலித்தீன் பையால் கட்டி, ஒரு மூலையை வெட்டிவிடுங்கள், துளி பறக்காது. ஜன்னலைத் திறந்துவிட்டு நீங்களும் வெளியே நில்லுங்கள்.

சோலார் சிவா:
சரி, கிளை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயில் இல்லாத கிழமைகளில் தாங்கியே 40 பாகையில்தான் நிற்கும். அதையும் விட்டுவிடாதீர்கள். இரவில் ஒரு ரைமர் போட்டு எலிமென்டை ஓடவிட்டால் பில் அவ்வளவு ஏறாது.

பாய்லர் அறை:
அது நல்ல யோசனை. ஆள் இல்லாத அறைகளையும் மறக்க வேண்டாம். பாவிக்காத ஷவரும் இதே மாதிரித்தான், ஆனால் அதைத் திறக்கலாம். வாரம் ஒரு தடவை சூடு வரும்வரை ஓடவிட்டால் போதும்.

தெஹிவளை சுதா:
தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் என்ன? சும்மா பயப்படுத்துகிறீர்களோ என்றும் தோன்றுகிறது.

பாய்லர் அறை:
சோதிக்கலாம். ஆனால் வளர்த்துப் பார்க்கிற சோதனை, முடிவு வரப் பத்து நாள்கூட ஆகும். மூடிய கிளையில் இருந்து எப்போது என்ன வரும் என்று சொல்ல முடியாதபடியால் ‘இல்லை’ என்று வந்தாலும் நான் நம்பமாட்டேன். எப்படியும் வெட்டத்தானே வேண்டும்? வெட்டிய பிறகு சோதித்தால் பிரயோசனம் உண்டு.

வெள்ளவத்தை வாசி:
வேலை நடந்தது. டைல்ஸ் இரண்டைக் கழற்றினோம். பிளம்பர் பாஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, படத்தைக் காட்டிய பிறகு மூட்டோடு வெட்டி மூடினார். வெட்டின கிளைக்குள் விரலை விட்டால் கறுப்பாக வழுக்கியது, மணம் சொல்லத் தேவையில்லை. மூடும்போது மூன்று சென்ரிமீற்றர்தான் விட்டார். தாங்கியைச் சூடாக்கி எல்லாக் குழாயையும் ஓடவிட்டேன். இப்போது முதல் போத்தலே தெளிவாக வருகிறது, மூடித் திறந்தாலும் அப்படியே.

ஆனால் அதே படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. கீழே வாஷிங் மெஷினுக்கு என்று முந்திப் போட்ட சுடுதண்ணீர்க் கிளை ஒன்று பிரதான குழாயில் இருந்து பிரிந்து பீமுக்குள் போகிறது. அதை ஒருநாளும் இணைக்கவில்லை, எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. கீழ்த்தட்டில் இதுவரை மணம் இல்லை. பீமை உடைக்க என்ஜினியர் விடமாட்டார்.

சோலார் சிவா:
கடைசி முனையைக் கண்டுபிடித்து ஒரு வால்வு வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் போச்சு.

பாய்லர் அறை:
முனை கிடைத்தால் அதுவும் ஒரு வழி, ஆனால் வாரா வாரம் யாராவது நினைவு வைத்துத் திறக்க வேண்டும். நான் என்றால், முதலாம் மாடிக்குக் கீழே பிரதான குழாயை மூடிவிட்டு, கீழ்த்தட்டுக்கு வெளிச்சுவரால் புதுக்குழாய் இறக்குவேன். அந்தக் கிளை முதலாம் மாடி மூட்டுக்கு மேலே பிரிகிறதா கீழேயா? மேலே என்றால் இந்த வழி சரிவராது. படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.