மறு: வேரியன்ஸுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமை அச்சு

கப்பலூர்:
அன்பர்களே, சட்டை தைக்கும் யூனிட் ஒன்றில் வெட்டுப்பகுதி மேற்பார்வையாளர்களுக்கு வகுப்பு. வெள்ளி காலை தாள் அச்சுக்குப் போயாக வேண்டும். திட்டச் செலவுக்கும் நிஜச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வேரியன்ஸ் என்கிறோம், அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். கணக்கு இது: 1,000 அரைக்கைச் சட்டை. சட்டைக்கு 1.50 மீட்டர், மீட்டர் 120 ரூபாய் என்பது திட்டம். துணி 114 ரூபாய்க்கே கிடைத்தது. ஆனால் 1,600 மீட்டர் செலவாகிவிட்டது. "விலைப் பிசகு" 9,600 மிச்சம், "பயன்பாட்டுப் பிசகு" 11,400 நட்டம் என்று எழுதியிருக்கிறேன். சொல் சரிதானா?

திருநகர்:
பிசகு பேச்சு வழக்கு. "மிகினும் குறையினும்" என்று வள்ளுவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். "மிகுகுறை" என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும். வழக்கமாகப் போகும் வெட்டுக் கழிவுக்கு "வழுவமைதி". தப்புதான், ஆனால் இலக்கணம் ஏற்றுக்கொண்ட தப்பு.

அண்ணா நகர்:
ஐயா, மிகையும் குறையும் என்றால் "மிகைகுறை"தானே வரும்? "மிகுகுறை" வினைத்தொகை. மிகுகின்ற குறை என்று பொருளாகி, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்துவிடுகிறது. என் ஓட்டு "விலகல்". பள்ளிப் புள்ளியியலில் திட்ட விலக்கம் படித்த பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

செல்லூர்:
சொல்லுக்கு முன்னால் கணக்கைப் பார்ப்போம், தம்பி. திட்டப்படி 1,500 மீட்டருக்கு 1,80,000 ரூபாய். நிஜச் செலவு 1,82,400. கூடுதல் 2,400. உங்கள் தாளில் 11,400-இல் 9,600 போனால் 1,800தான் நிற்கிறது. 600 எங்கே? அதிகம் போன 100 மீட்டரை 114-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அதைத் திட்ட விலை 120-ஆல் பெருக்க வேண்டும், 12,000 வரும். விலை ஏறினாலும் இறங்கினாலும் வெட்டும் மேசையின் கணக்கு அசையக்கூடாது, அதற்காகத்தான் இப்படி.

பிசகு ஏன் ஆகாது என்பதற்கும் இந்தத் தாளே சாட்சி. 114 ரூபாய்த் துணியின் அகலத்தை அளந்தீர்களா? வெட்டும் பாகங்களைத் துணிமேல் அடுக்கி வரையும் மார்க்கரை 58 அங்குல அகலத்துக்குப் போட்டிருப்பார்கள். 56 அங்குலம் வந்திருந்தால் மார்க்கர் நீளும். 1.50-ஐ 58-ஆல் பெருக்கி 56-ஆல் வகுத்தால் சட்டைக்கு ஏறக்குறைய 1.554 மீட்டர். அதாவது 100 மீட்டரில் 54 அகலத்தாலேயே போயிருக்கும். மிச்சம் 46-தான் ரோல் முனைத் துண்டு, கறை, நிறபேதம். "பயன்பாட்டுப் பிசகு" என்று அச்சடித்தால் கட்டிங் மாஸ்டர் தன் தலையில் கை வைப்பார். மலிவாக வாங்கியவர் 9,600-ஐக் காட்டிப் பாராட்டு வாங்குவார்.

கப்பலூர்:
விசாரித்தேன் அண்ணே. இன்வாய்ஸில் 58. ஸ்டோரில் நாடா வைத்துப் பார்த்தால் ஓரம் போக 56தான். 12,000 என்று திருத்திவிட்டேன்.

மேலூர்:
எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாங்களும் அதே 120 திட்டம், அதே 114 துணி. மீட்டருக்கு முப்பது பைசாதான் வித்தியாசம் வருகிறது. வாங்குவதில் கறாராக இருந்தால் போதும். சொல் எதற்கு?

செல்லூர்:
114-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 5.70. கூட்டினால் 119.70. உங்கள் முப்பது பைசா அதுதான். திரும்பக் கிடைக்கிற வரியைத் துணி விலையில் ஏற்றினால் விலகல் கரைந்துதான் போகும். திட்ட விலை வரியில்லாமல்தானே போட்டீர்கள்?

திருநகர்:
"விலகல்" என்றால் சாலையை விட்டு விலகியது போல மறுபடி குற்றம்தானே ஒட்டுகிறது? அண்ணா நகர் சொன்ன திருத்தத்தை ஏற்று மிகைகுறைக்கே வருகிறேன். வேரியன்ஸ் எந்தப் பக்கம் என்று காட்டப் போடும் சாதகம், பாதகம் என்ற வடசொற்களையும் விட்டுவிட்டு "மிச்சம்", "துண்டு" என்று போடலாம். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்கிறோமே.

கப்பலூர்:
ஐயா, மேசையில் துண்டு என்றால் வெட்டிப் போட்ட துணி. "துணியில் 12,000 துண்டு" என்று படித்தால் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

அண்ணா நகர்:
அப்படியானால் "கூடுதல் செலவு", "குறைந்த செலவு" என்றே எழுதுங்கள். பாதகம் என்றால் பலருக்குப் பாவம் என்றுதான் காதில் விழும்.

கப்பலூர்:
"விலை விலகல்", "பயன்பாட்டு விலகல்" என்று அனுப்பப் போகிறேன். அண்ணா நகர் அக்கா சொன்ன இரண்டும் கீழே. பயன்பாட்டு விலகலை அகலத்தால் 54 மீட்டர், மேசையில் 46 மீட்டர் என இரண்டு வரியாகப் பிரித்திருக்கிறேன்.

செல்லூர்:
முதல் வரியை வாங்குபவர் பெயரில் எழுதுங்கள். 54-ஐ 120-ஆல் பெருக்கினால் 6,480. அவருடைய 9,600-இல் அது போக 3,120தான் நிஜ மிச்சம்.

திருநகர்:
அச்சடியுங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

மேலூர்:
திட்ட விலை வரியோடா இல்லாமலா என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.