காலையில் உறுமும், மதியம் சுற்றும்: எங்கள் சமையலறைச் சிம்னி

கோத்தகிரி அடுப்படி:
ஆறு வருடமாக ஓடும் சிம்னி. மார்கழி பிறந்ததிலிருந்து காலை ஆறரைக்கு சுவிட்சைப் போட்டால் ம்ம்ம் என்று உறுமுகிறது, காற்றாடி அசைவதில்லை. லைட் எரிகிறது. வெயில் வந்து சமையலறை கொஞ்சம் சூடானதும், மதியம் பன்னிரண்டு மணிக்கு அதே சுவிட்சில் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. மெக்கானிக் வந்து கண்டன்சர் மாற்றினார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான். இப்போது மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

குன்னூர் மேல்வீதி:
சந்தேகமே வேண்டாம் அக்கா, கண்டன்சர்தான். புதிதாகப் போட்டதும் மட்டமானதாக இருக்கும். எங்கள் வீட்டிலும் இதே உறுமல்தான். பழையதில் 4 எம்.எஃப்.டி. என்று போட்டிருந்தது. நான் 6 வாங்கி மாட்டினேன். சுவிட்சைத் தொட்டதும் புயல் மாதிரி கிளம்புகிறது. நீங்களும் ஒரு அளவு கூட்டிப் போடுங்கள்.

பழைய பங்களா:
எங்கள் வீட்டுச் சிம்னியும் மார்கழியில் இழுக்காது. கணப்பில் விறகு போட்டால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். மேலே குழாயில் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்தி மேலே காட்டிக் குழாயைச் சூடாக்கிவிட்டால் இழுக்கத் தொடங்கும்.

கோத்தகிரி அடுப்படி:
ஐயா, இது கரண்டில் ஓடும் சிம்னி. கணப்பு இல்லை.

ஊட்டி வைண்டிங் கடை:
பங்களாக்காரர் வேறு சிம்னியைச் சொன்னாலும் குளிர்காற்று மேலிருந்து இறங்கும் என்றது இங்கேயும் உண்மை. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் மூடி ஒழுங்காக விழாவிட்டால் இரவெல்லாம் பனிக்காற்று மோட்டார் மேலேயே இறங்கும்.

அக்கா, உறுமுகிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் கிளம்ப முடியவில்லை என்று அர்த்தம். ஒன்று, கிளப்பிவிடும் பலம் குறைவு. அது கண்டன்சர் வேலை. இல்லையென்றால் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. அது பிளேடில் அப்பிய பிசுக்கு, அல்லது பேரிங். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் காற்றாடியை ஒரு விரலால் சுண்டுங்கள். நல்ல மோட்டார் ஆறேழு சுற்று தானாக ஓடி மெல்ல நிற்கும். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் சுண்டிப் பாருங்கள். அப்படியே காற்றாடியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, தண்டு ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

கோத்தகிரி அடுப்படி:
பார்த்தேன். காலையில் பாகுக்குள் கையை விட்டுச் சுற்றுகிற மாதிரி இருந்தது, அரைச் சுற்றிலேயே நின்றது. மதியம் இரண்டு சுற்று. ஆட்டம் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தான். புதுக் கண்டன்சர் 3.9 காட்டுகிறது. மெக்கானிக் கழற்றிப்போட்ட பழையது 2.7. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன வருடம் கீச்சு கீச்சென்று சத்தம் வந்தபோது வீட்டுக்காரர் தண்டின் அடியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார். சத்தம் உடனே நின்றது.

ஊட்டி வைண்டிங் கடை:
அதுதான் அக்கா. நம் ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டில் மார்கழியில் எப்படி இருக்கும்? 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். தண்டைத் தாங்கும் பேரிங்கான புஷ்ஷுக்குள் போன எண்ணெயும் அப்படித்தான் உறைந்து நிற்கிறது. அது வெயிலில் இளகுவதால்தான் மதியம் சுற்றுகிறது. நாளாக நாளாகத் தாளிப்புப் புகையோடு சேர்ந்து அரக்காகவும் ஆகிவிடும். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. 2.7க்கு இறங்கிய கண்டன்சர் மாற்ற வேண்டியதுதான். புதுசு கொடுத்த பலத்தில் இரண்டு வாரம் அந்தப் பிடிப்பை மீறி ஓடியது. குளிர் ஏறியதும் தோற்றுவிட்டது.

மோட்டார் மாற்ற வேண்டாம். கழற்றும்போது முதலில் கண்டன்சரின் இரண்டு முனையிலும் பல்ப் மாட்டிய ஹோல்டரின் இரண்டு ஒயரையும் தொட வைத்து மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள். ஏணியில் நிற்கும்போது சின்ன ஷாக்கே கீழே தள்ளிவிடும். காற்றாடி நட் பல மாடல்களில் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும், மல்லுக்கட்டினால் மரை போய்விடும். காற்றாடி அலுமினியம் என்றால் சோடாக்காரம் போட்ட வெந்நீர் ஆகாது, அரித்துவிடும். பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போதும். பிளேடில் சின்னக் கிளிப் மாட்டியிருந்தால் எடுக்காதீர்கள். எடை சமமாக இருக்க வைத்தது அது. அது போனால் மோட்டார் உதறி, அந்த உதறலே புஷ்ஷைத் தின்றுவிடும். புஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். அது குளிரில் உறையாது.

குன்னூர் தம்பி, 6 போட்டது தப்பு. அதிகக் கரண்ட் ஒரு சுருளில் எந்நேரமும் ஓடும். இருபது நிமிடம் ஓடிய பிறகு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் உடம்பைத் தொட்டுப் பாருங்கள்.

குன்னூர் மேல்வீதி:
கை வைக்க முடியவில்லை அண்ணா. அரை மணி நேரத்தில் தானாக நின்று, ஆறியதும் மறுபடி ஓடும். அது பாதுகாப்புக்காக வைத்த டைமர் என்று நினைத்திருந்தேன்.

ஊட்டி வைண்டிங் கடை:
டைமர் இல்லை, சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் கட்டவுட் விழுகிறது. இன்றே 4 மாட்டுங்கள். பிறகும் அப்படி நின்றால் சுருள் ஏற்கெனவே கருகியிருக்கலாம், கழற்றிக் கொண்டுவந்தால்தான் சொல்ல முடியும்.

கொடைக்கானல் ஏரிச்சாலை:
என் வீட்டில் சுண்டினால் அழகாக ஓடுகிறது. கண்டன்சர் புதுசு, 4தான். ஆனாலும் இரவு ஏழு மணிக்கு உறுமி நிற்கிறது. அந்த நேரம் வோல்டேஜ் 170 காட்டுகிறது.

ஊட்டி வைண்டிங் கடை:
170 என்றால் 230இல் முக்கால் பங்குகூட இல்லை. மோட்டாரின் பலம் அதே கணக்கில் குறையாது, அதைவிட வேகமாகக் குறையும். கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். அதனால் வோல்டேஜ் காரணமாக இருக்கலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. புஷ் தேய்ந்திருந்தால் கையால் சுற்றும்போது லேசாகத்தான் இருக்கும். கரண்ட் கொடுத்ததும் மோட்டாரின் காந்தம் நடுவில் சுற்றும் உருளையை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டவைத்துவிடும். அப்போதும் இதே உறுமல்தான் வரும், பலர் கண்டன்சரையே மூன்று தரம் மாற்றுவது இதில்தான். தண்டில் ஆட்டம் இருக்கிறதா?

கொடைக்கானல் ஏரிச்சாலை:
நூல் அளவு ஆடுகிறது. அது அதிகமா என்று தெரியவில்லை.

ஊட்டி வைண்டிங் கடை:
எழுத்தில் சொல்ல முடியாது ஐயா. காலையில் வோல்டேஜ் 220க்கு மேல் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். அப்போதும் நின்றால் புஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி அடுப்படி:
ஞாயிற்றுக்கிழமை கழுவினோம். புஷ்ஷிலிருந்து மஞ்சள் மெழுகு மாதிரி வழிந்தது. இன்று காலை ஆறரைக்குச் சுவிட்ச் போட்டதும் கிளம்பிவிட்டது. மூன்றாவது வேகத்தில் மட்டும் லேசான உரசல் சத்தம் இருக்கிறது. அதையும் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.