ஏஜிஎம் மினிட்டில் எங்கள் வாக்கெண்ணிக்கை பாதிதான் இருந்தது: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பாயான் பாரு அக்கா

வணக்கம். பினாங்கில் 148 வீடுகளும் கீழ்த்தளத்தில் நான்கு கடைகளும் உள்ள கொண்டோவில் 12 வருடமாகக் குடியிருக்கிறேன். என் பக்கத்து வீட்டை வார இறுதியில் ஒருநாள், இரண்டு நாள் என்று வாடகைக்கு விடுகிறார்கள். விடியற்காலை 3 மணிக்குப் பெட்டி உருளும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது, என் மாமியாருக்குத்தான் பழகவில்லை. ஆகவே போன மாதம் எங்கள் ஆண்டுப் பொதுக் கூட்டமான ஏஜிஎம்மில் அதைத் தடை செய்யும் கூடுதல் விதிக்குச் சிறப்புத் தீர்மானம் வந்தபோது வழிமொழிந்தது நான்தான்.

கூட்டத்தை மதியம் 3 மணிக்கு அழைத்தார்கள். கோரம் சேரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து, 3.30க்கு இருந்தவர்களை வைத்தே தொடங்கினோம். வாக்குரிமை உள்ளவர்கள், பிராக்சியையும் சேர்த்து, 62 பேர்.

முதலில் கையைத் தூக்கச் சொன்னார் தலைவர். ஆதரவு 41, எதிர்ப்பு 12, கை தூக்காதவர்கள் 9. எல்லாரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலுக்கு நடுவே கீழ்த்தளக் கடைக்காரர் ஒருவர் எழுந்து "போல் வேண்டும்" என்றார். சரி என்று தலைவர் சீட்டு கொடுக்கச் சொன்னார். சீட்டில் வீட்டு எண்ணும், வீட்டின் அளவை ஒட்டி வரும் ஷேர் யூனிட்டும் இருந்தன. கையெழுத்திட்டுப் பெட்டியில் போட்டோம். எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முடிவு: ஆதரவு 4,510 யூனிட், எதிர்ப்பு 1,620 யூனிட்.

நேற்று வரைவு மினிட் வந்தது. அதில் உள்ளதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"7. சிறப்புத் தீர்மானம்: குறுகிய கால வாடகைக்கு விடத் தடை. முன்மொழிந்தவர் 11-2. வழிமொழிந்தவர் 8-6. ஆதரவு 41, எதிர்ப்பு 12, நடுநிலை 9. தீர்மானம் நிறைவேறியது."

போல் நடந்ததாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு வேண்டியதுதான் நிறைவேறியிருக்கிறது, ஆனால் நான் சீட்டு போட்டேனே, அது எங்கே போனது? இப்படிப்பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

கெப்போங் தம்பி

அக்கா, பயப்படாதீங்க. எங்கள் அப்பார்ட்மெண்டில் நான் கமிட்டியில் இருந்திருக்கிறேன். கை தூக்கும் வாக்கெடுப்பில் தலைவர் "நிறைவேறியது" என்று அறிவித்துவிட்டால் அதுதான் முடிவு, எண்ணிக்கையைக்கூட மினிட்டில் எழுத வேண்டியதில்லை. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தவிர போலிலும் உங்கள் பக்கம்தானே அதிகம்? 4,510 எங்கே, 1,620 எங்கே.

செந்தூல் ராஜா

எனக்கும் வாக்கு விஷயத்தில் ஓர் அனுபவம் உண்டு. எங்கள் பிளாட்டில் பராமரிப்புப் பணத்தில் எனக்கு 86 வெள்ளி பாக்கி. கூட்டத்தன்று காலையில் ஆபீஸுக்குப் போய்க் கட்டி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன். பதிவு மேஜையில் இருந்த பெண் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டு, "உட்காரலாம் அண்ணே, வாக்கு இல்லை" என்றார். ரசீதை நீட்டியும் கேட்கவில்லை. 20 வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, தூக்க முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது இன்னும் மனசில் நிற்கிறது. அக்கா, உங்கள் கூட்டத்தில் வாக்கு போட்ட 62 பேரும் பாக்கி இல்லாதவர்கள்தானா, பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்

கோலாலம்பூரில் 20 வருடத்துக்கு மேல் கட்டட நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நூற்றுக்குக் குறையாத ஏஜிஎம் மினிட் எழுதியிருப்பேன். அக்காவுக்கு முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

சிறப்புத் தீர்மானத்துக்கு, போடப்பட்ட செல்லுபடியாகும் வாக்கில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கை தூக்காத 9 பேர் வாக்கே போடவில்லை, அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 41ம் 12ம் 53. அதில் முக்கால் 39.75, ஆகவே 40 போதும். கைவாக்கில் நிறைவேறியது. வந்திருந்த 62ஐ வைத்துப் பார்த்தால் 47 வேண்டும், தோற்றுவிடும். இந்த ஒரு தவற்றால் சண்டை வந்த கூட்டங்கள் எனக்கே தெரியும். அதனால்தான் நடுநிலையைத் தனியாக எழுத வேண்டும் என்கிறேன். உங்கள் வரைவில் அது இருக்கிறது, நல்லது.

இப்போது போல். 4,510ம் 1,620ம் 6,130. அதில் முக்கால் 4,597.5. உங்களுக்குக் கிடைத்தது 4,510. ஏறத்தாழ ஒரு வீட்டின் யூனிட் அளவுக்குக் குறைந்து தோற்றிருக்கிறீர்கள். கைவாக்கில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. போலில் ஷேர் யூனிட்தான் வாக்கு. உங்கள் வீடுகள் ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 110 யூனிட் வருகிறது. எதிர்த்த 12ல் எட்டு வீடு, நான்கு கடை என்று வைத்தால் எட்டுக்கு 880, மீதி 740. அதாவது ஒரு கடைக்கு 185. கடைகள் நான்கும் சேர்ந்துதான் தராசைச் சாய்த்திருக்கின்றன.

கெப்போங் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. தலைவரின் அறிவிப்பே முடிவான சான்று என்பது உண்மைதான், ஆனால் அது யாரும் போல் கேட்காதபோது மட்டும். ஒரே ஒரு உரிமையாளரோ அவருடைய பிராக்சியோ கேட்டால் போதும். போல் எடுத்துவிட்டால், அதன் முடிவே கூட்டத்தின் தீர்மானம்.

பாயான் பாரு அக்கா

ஐயா, அந்த 4,597.5ஐப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கடைகளுக்கு 185 என்பது சரிதான், சீட்டில் பார்த்தேன். அப்படியானால் நாங்கள் தோற்றுத்தான் போனோமா?

செத்தாப்பாக் லதா

அக்கா, இதற்கெல்லாம் தீர்மானமே தேவையில்லையே. 2020ல் கூட்டரசு நீதிமன்றம் மோன்ட் கியாரா கொண்டோ வழக்கில் ஒருநாள் வாடகை கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. பேப்பரில் படித்தேன். அந்தத் தீர்ப்பை லிப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள், முடிந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்

இல்லைம்மா. அந்தத் தீர்ப்பு எல்லாக் கொண்டோவுக்கும் தடை போடவில்லை. அங்கே உரிமையாளர்கள் பொதுக் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டு விதி செய்தார்கள், மீறினால் 200 வெள்ளி அபராதம் என்றும் வைத்தார்கள். வீட்டை வாடகைக்கு விடும் உரிமையைக் கூடுதல் விதியால் தடுக்க முடியாதே என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். நாள் கணக்கில் தங்குபவர் வாடகைக்குடியிருப்பவர் ஆகமாட்டார், ஆகவே விதி செல்லும் என்றது நீதிமன்றம். தீர்மானம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால்தான் அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கை கொடுக்கும். அக்காவின் மினிட்டை நாளைக்கு ஒரு கடைக்காரர் இப்படிப்பட்ட தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா டிரிபியூனலுக்குக் கொண்டுபோனால், தீர்மானத்தைச் செல்லாததாக்கக் கேட்க அவருக்கு வழி இருக்கிறது. சீட்டுகள் பெட்டியில் இருக்கின்றனவே.

செந்தூல் ராஜா, உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அந்தப் பெண் செய்தது சரி. கூட்டத்துக்கு முன் ஏழாவது நாளில் பாக்கி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அன்று காலை கட்டிய ரசீது உதவாது. நீங்கள் அக்காவிடம் கேட்டது மட்டும் மிக நல்ல கேள்வி. நான் எழுதும் மினிட்டில், பேச்சு எதையும் தொடுவதற்கு முன், ஏழாவது நாள் நிலவரப்படி வாக்குரிமை உள்ள வீடுகள் எத்தனை, கையெழுத்திட்டவர் எத்தனை, அதில் பிராக்சி எத்தனை, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிவிடுவேன். ஒருவர் ஒரு உரிமையாளருக்குத்தான் பிராக்சியாக இருக்கலாம். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அங்கேயே பிடிபடும்.

கெப்போங் தம்பி

ஐயா, ஒரு சந்தேகம். அக்கா எழுதியதைப் பார்த்தால் எல்லாரும் கை தட்டிய பிறகுதான் கடைக்காரர் எழுந்திருக்கிறார். தலைவர் அதற்குள் "நிறைவேறியது" என்று சொல்லியிருந்தால், போல் கேட்டதே தாமதம்தானே?

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்

நல்ல இடத்தைப் பிடித்தாய் தம்பி. அங்கேதான் வழக்கறிஞர்கள் மோதுவார்கள். தாமதம் என்றால் தலைவர் அப்போதே மறுத்திருக்க வேண்டும். அவர் மறுக்காமல் சீட்டு கொடுத்து எண்ணவும் செய்தார் என்பது கடைக்காரர் பக்கம் பலம். இதற்கு மேல் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையை மினிட் சொல்ல வேண்டும்: கைவாக்கு, தலைவரின் வார்த்தை, போல் கேட்டவரின் கடை எண், தலைவர் சம்மதித்தது, எண்ணியவர்கள், இரு பக்க யூனிட். முடிவை எழுதுபவர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அக்கா, கமிட்டிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். சீட்டுகளையும் வருகைப் பட்டியலையும் உறையிலிட்டு முத்திரை வைக்கச் சொல்லுங்கள். மினிட் கட்டட ஆணையரான சிஓபிக்குப் போகுமுன் செய்தால் நல்லது.

பாயான் பாரு அக்கா

மூன்று நாள் யோசித்தேன். 11-2 வீட்டுக்காரர், முன்மொழிந்தவர், "நமக்குச் சாதகமாக இருக்கிறதை ஏன் நோண்டறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். என் மாமியார்தான், "நீ போட்ட சீட்டை இல்லைன்னு எழுதினா, நாளைக்கு நீ கட்டின காசையும் இல்லைன்னு எழுதுவாங்க" என்றார். அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நிர்வாக ஏஜென்ட் தரப்பில், போல் தாளை வேறு கோப்பில் வைத்ததால் மினிட் எழுதியவருக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். எண்ணிய இருவரில் ஒருவர் அந்தத் தாளின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தார். புதிய வரைவில் ஏழாவது உருப்படி ஐந்து வரி ஆகியிருக்கிறது, இரண்டு எண்ணிக்கையும் உண்டு. "நிறைவேறியது" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள், ஆனால் "தோற்றது" என்றும் எழுதவில்லை, சட்ட ஆலோசனை கேட்கிறார்களாம்.

11-2 இன்னும் என்னோடு பேசவில்லை. மறுபடி இதே தீர்மானத்தை 21 நாள் நோட்டீஸோடு கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். கை தூக்காத அந்த 9 வீடுகளில் ஆறு என் மாடியிலும் அதற்கு மேல் மாடியிலும்தான் இருக்கின்றன. இன்று இரவு முதல் கதவைத் தட்டப் போகிறேன்.

செந்தூல் ராஜா

அக்கா, தட்டும்போது பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஏழு நாளுக்கு முன்னமே கட்டச் சொல்லுங்கள்.