சிலம்ப வகுப்பு: மே மாதக் கணக்கு

மாலதி (பொருளாளர்): சிலம்ப மாஸ்டருக்கு மே மாத மதிப்பூதியம் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறேன். செவ்வாய், சனி என்று எண்ணினால் 9 வகுப்பு. கையெழுத்துத் தாள் 8தான் இருக்கிறது. 17ஆம் தேதித் தாள் யாரிடமாவது இருக்கிறதா?

செல்வம்: 9க்கே கொடுத்துவிடலாம் அக்கா. ஒரு 500 ரூபாய்க்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

மாலதி: தம்பி, நாம் பேசியது மாதச் சம்பளம் இல்லை, நடந்த வகுப்புக்கு 500. மார்ச்சில் யோகா வகுப்புக்குக் காலண்டரைப் பார்த்துத்தான் கொடுத்தோம். அதில் இரண்டு நாள் வகுப்பே நடக்கவில்லை என்று அப்புறம் தெரிந்தது. திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

புவனா: என் பையன் 4 நாள்தான் போனான். அவன் ஃபீஸ் குறையுமா?

மாலதி: அது பிள்ளைகள் கட்டுகிற ஃபீஸ், புவனா. தனியாகப் பேசலாம். 3 பேர் வந்தாலும் 15 பேர் வந்தாலும் மாஸ்டருக்கு அது ஒரு வகுப்புதான்.

கணேசன் சார்: 27ஆம் தேதித் தாளைப் பாருங்கள் அம்மா. எல்லாக் கையெழுத்தும் ஒரே பச்சை மை. என் பேத்தி அன்று ஊரிலேயே இல்லை, அவள் பெயருக்கு நேரேயும் கையெழுத்து இருக்கிறது. அந்த வகுப்பைக் கழித்துவிடுங்கள்.

மாலதி: எனக்கும் அங்கேதான் இடித்தது சார். அதனால் வாட்ச்மேன் அண்ணனின் சாவி நோட்டைப் பார்த்தேன். அன்று ஹால் சாவியை 6.05க்கு வாங்கி 7.10க்குத் திருப்பியிருக்கிறார்கள், மாஸ்டர் கையெழுத்தோடு. வகுப்பு நடந்திருக்கிறது. பிள்ளைகள் கையெழுத்தைத்தான் யாரோ பிறகு மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். பேத்தி பெயரை அடித்து, பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வகுப்பைக் கழிக்கவில்லை.

தேவி: அக்கா, 17 மழை நாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாஸ்டர் நனைந்துகொண்டே பைக்கில் வந்தார். என் மகளோடு சேர்த்து 2 பேர்தான். 20 நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தாளையே எடுக்கவில்லை.

செல்வம்: அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா?

மாலதி: வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நடந்த வகுப்பு என்று எழுத முடியாது. கணக்குத் தாளில் நான்கு கோடு, குறுக்கே ஒன்று, அப்புறம் மூன்று: 8 × 500 = 4,000. 17க்குக் கோடு போடாமல் ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன்.

கணேசன் சார்: ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட மறக்காதீர்கள்.

மாலதி: 5,000ஐத் தாண்டினால்தான் சார் அது. இதற்கு வேண்டாம். முதலில் கணக்குத் தாளை மாஸ்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன், பிறகுதான் பணம். அவருக்கு வேறு கணக்கு இருந்தால் அப்போதே சொல்லட்டும்.

தேவி: வட்டத்துக்குப் பாதியாவது கொடுக்கலாம் அக்கா.

கணேசன் சார்: பெட்ரோல் செலவு கொடுத்தால் போதும். பாதி என்றால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்.

மாலதி: ஞாயிறு கூட்டத்தில் பேசுவோம். இப்போதைக்கு 4,000.

தேவி: சரி. இந்தச் சனிக்கிழமை தாளை நான் எடுத்துப் போகிறேன். வகுப்பு முடிந்த நேரத்தை மாஸ்டர் கையாலேயே எழுதச் சொல்கிறேன்.