முன்பல் கோணல்: குழந்தைகள் பல் மருத்துவருக்கு எழுதிய மெயிலும் வந்த பதிலும்

செல்வி_திருச்சி

என் மகளுக்கு 8 வயது 3 மாதம். மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி, கீழ்வரிசையில் நாலு பல்லும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்க ஆரம்பித்ததும் கிளிப் போடும் வயது வந்துவிட்டதா என்ற பயம் வந்துவிட்டது. குழந்தைகள் பல் மருத்துவரிடம் நேரம் கேட்டபோது, "முதல்ல போட்டோவோட ஒரு மெயில் போடுங்க, அவசரமா இல்லையான்னு பார்த்துச் சொல்றேன்" என்றார். அனுப்பியதை அப்படியே போடுகிறேன்:

"வணக்கம் டாக்டர். மகளுக்கு 8 வயது 3 மாதம். கீழ் முன்பற்கள் 6 வயதில் விழுந்து முளைத்தன, மேலே நடுப்பல் இரண்டும் 7 வயதில். பக்கத்துப் பற்கள் இப்போதுதான் முழுசாக இறங்கியுள்ளன. அதில் வலது பக்கத்துப் பால் பல் ஆடாமல் ரொம்ப நாள் நின்றது, பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்த பிறகுதான் விழுந்தது. விரல் சூப்பும் பழக்கம் 4 வயதிலேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்து தூங்குவதில்லை. என் கேள்வி இரண்டு: நடுவில் உள்ள இடைவெளி தானாகச் சேருமா? எந்த வயதில் கூட்டி வர வேண்டும்?"

கூடவே மூன்று போட்டோ. அதில் ஒன்று, கடைவாயை நன்றாகக் கடிக்கச் சொல்லி, இரண்டு ஸ்பூன் காம்பால் உதட்டை ஒதுக்கிப் பிடித்து, போனைப் பல்லுக்கு நேர் மட்டத்தில் வைத்து எடுத்தது. இது அவர் குறிப்பாகக் கேட்ட போட்டோ. சிரிக்கிற போட்டோவில் கடி தெரியாதாம்.

பதில் சுருக்கமாக வந்தது. இடைவெளிக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம், கோரைப்பல் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கீழ்வரிசை நெருக்கடியும் அவசரமில்லை. ஆனால் கடித்த போட்டோவில் மேல்வரிசை வலது பக்கத்து இரண்டாவது பல், கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த வாரமே வரச் சொன்னார்.

நேரில் போனபோது காட்டினார். மகளை மெதுவாக வாயை மூடச் சொன்னார். அந்தப் பல் கீழ்ப்பல்லின் நுனியில் முதலில் இடிக்கிறது, பிறகு தாடை லேசாக ஒரு பக்கம் நழுவித்தான் கடைவாய் சேருகிறது. இடிபடும் கீழ்ப்பல் பக்கத்துப் பற்களைவிட நீளமாகத் தெரிந்தது. பல் வளரவில்லை, அந்த ஒரு இடத்தில் ஈறு கீழே இறங்கியிருக்கிறது.

தாத்தா_நெல்லை

அம்மா, எதுக்கு இந்த அவசரம்? எங்க மூத்த பேரனுக்கும் நடுவுல ஒரு அரிசி நுழையிற அளவு இடைவெளி. எல்லாப் பல்லும் விழுந்து முளைச்சு 12 வயசு ஆனதும் தானா சேர்ந்துட்டு. அதுவரைக்கும் பல்லுல யாரையும் கை வைக்க விடக்கூடாது. அதுவும் தெத்துப்பல்னா அதிர்ஷ்டம்பாங்க எங்க ஊர்ல!

நிலா_அம்மா

என் பொண்ணுக்கு 3 வயசுதான். அவளுக்கும் முன்பல் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு. இந்த போட்டோ எல்லாம் நானும் எடுத்து அனுப்பணுமா? ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

பல்வைத்தியர்_சேலம்

நிலா அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். பால் பல்லில் இடைவெளி இருப்பது நல்லது. பின்னால் வரும் பற்கள் அகலமானவை, அவற்றுக்கு அந்த இடம் வேண்டும். மூன்று வயதில் பல் நெருக்கமாக அழகாக இருந்தால்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

தாத்தா சொன்னதில் இடைவெளி விஷயம் பெரும்பாலும் சரி. 8, 9 வயதில் கோரைப்பல் எலும்புக்குள் இருந்துகொண்டு பக்கத்துப் பல்லின் வேரை அழுத்தும். அதனால் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது அழுத்தும் இடம் மாறி, இடைவெளி மூடிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அநேகமாக மூடும், அதற்கு மேல் என்றால் சொல்ல முடியாது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள சவ்வை இந்த வயதிலேயே வெட்டச் சொன்னால் கோரைப்பல் வரும்வரை பொறுக்கலாமா என்று கேளுங்கள்.

ஆனால் "12 வரை யாரும் தொடக்கூடாது" என்பதை ஏற்க முடியாது. உள்ளே மாட்டிய பல் தானாக வெளியே வராது. ஒவ்வொரு கடியிலும் கீழ்ப்பல் அதை உள்ளேயே பூட்டுகிறது. அதற்குள் கீழ்ப்பல்லின் ஈறு இறங்கிக்கொண்டே போகும். அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் முதல் பரிசோதனைக்கு 7 வயது என்று சொல்வதே இந்த மாதிரிக் கடியைப் பிடிக்கத்தான். பார்ப்பதற்கான வயது அது, கிளிப் போடுவதற்கான வயது இல்லை. பார்த்துவிட்டு "அடுத்த வருடம் வாருங்கள்" என்று அனுப்பும் பிள்ளைகள் நிறைய.

ரஹீம்_கோவை

எங்க வீட்டுல வேற கதை. பையனுக்கு ஒரு நடுப்பல் முழுசா வந்துடுச்சு, பக்கத்துல இருக்கற ஜோடிப் பல்லைக் காணோம். "மெதுவா வரும்"னு அரை வருஷத்துக்கு மேல விட்டுட்டோம். கடைசியில எக்ஸ்ரே எடுத்தா, மேல ஒரு குட்டி உபரிப் பல் குறுக்கே உட்கார்ந்து வழியை அடைச்சிருக்கு. அதை எடுத்த பிறகுதான் பல் இறங்க ஆரம்பிச்சுது. ஒரு பக்கம் வந்து மறு பக்கம் வரலைன்னா மெயில்ல அதையும் எழுதுங்க.

செல்வி_திருச்சி

தாத்தா, அந்த அரிசி சோதனையை நானும் செய்து பார்த்தேன், பச்சரிசி நுழைகிறது!

சிகிச்சை பற்றிக் கேட்டவர்களுக்கு: கழற்றி மாட்டும் பிளேட் கொடுத்தார். மாட்டிய பல்லுக்குப் பின்னால் இங்கிலீஷ் Z மாதிரி வளைந்த சின்னக் கம்பி. கடைவாய்ப் பற்கள் மேல் பிளேட்டே கொஞ்சம் தடிமனாக ஏறியிருக்கிறது. அதனால் வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. அந்தச் சந்தில்தான் மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி வெளியே வர வேண்டும். சாப்பிடும்போதும் போட்டிருக்கச் சொன்னார், துலக்க மட்டும் கழற்றலாம். முதலில் "ழ" வரவே இல்லை, "வாளைப்பளம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒருமுறை பள்ளியில் டிஷ்யூவில் சுற்றி வைத்து, அது டிபன் மிச்சத்தோடு குப்பைக்குப் போயிருக்கும், ஆயாம்மா பார்த்து எடுத்துக் கொடுத்தார். இப்போது பெட்டி இல்லாமல் கழற்றக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பல் இப்போது வெளியே வந்துவிட்டது. கீழ்ப்பல்மேல் கொஞ்சம் மூடி நிற்பதால் அந்தக் கடியே அதைத் திரும்ப உள்ளே போகவிடாது என்கிறார்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று கீழ்வரிசை. சொந்தக்காரர் அழைத்துப் போன இன்னொரு மருத்துவர், இரண்டு பக்கமும் பால் கோரைப்பல்லைப் பிடுங்கினால் முன்பல் நாலும் நேராகிவிடும் என்கிறார். இவர் வேண்டாம் என்கிறார். யாரைக் கேட்பது?

பல்வைத்தியர்_சேலம்

பிடுங்கினால் முன்பற்கள் நேராகும், உண்மைதான். ஆனால் அவை நாக்குப் பக்கம் சாயவும் கூடும். அப்படிச் சாய்ந்தால் வரப்போகும் கோரைப்பல்லின் இடம் குறையும். இந்த வயதில் இரண்டு மில்லிமீட்டர் நெருக்கடி சாதாரணம். கீழே பால் கடைவாய்ப் பற்கள் விழும்போதும் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதே நேரம் நெருக்கடி ரொம்ப அதிகம் என்றால் திட்டமிட்டுப் பிடுங்கும் முறையும் உண்டு. அச்சு எடுத்து அளக்காமல் நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். இரண்டு மருத்துவரிடமும் "எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது?" என்று கேளுங்கள்.

ரஹீம்_கோவை

சார், பொண்ணுக்கு 9 முடிஞ்சு 10 நடக்குது. பல்வரிசை நேராத்தான் இருக்கு. அவளையும் காட்டணுமா?

பல்வைத்தியர்_சேலம்

காட்டுங்கள். மேல் பால் கோரைப்பல்லுக்கு மேலே, உதட்டுப் பக்கத்து ஈறில் விரலை ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கோரைப்பல் ஒரு மேடாகக் கைக்குப் படும். ஒரு பக்கம் பட்டு மறுபக்கம் படாவிட்டால், அல்லது 11 வயதை நெருங்கியும் இரண்டு பக்கமும் படாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். பல் அண்ணம் பக்கம் திரும்பியிருக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல நேரம் சரியான வழிக்கு வந்துவிடும்.

ரஹீம்_கோவை

இப்பவே பார்த்தேன். இடது பக்கம் நல்லாத் தெரியுது. வலது பக்கம் இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கடிச்ச போட்டோவோட காலையில மெயில் போட்டுடறேன்.