25 ரூபாய் கேட்ட பார்சல் மெசேஜ்: சுருக்கு லிங்க்கில் உங்கள் அனுபவம் என்ன?

கயல்: போன வாரம் ஒரு மெசேஜ். "முகவரி முழுமையாக இல்லை, மறுபடி அனுப்ப 25 ரூபாய் கட்டவும்" என்று போட்டு bit.ly லிங்க். உண்மையிலேயே ஒரு பார்சலுக்குக் காத்திருந்ததால் விரல் அதன் மேல் போய்விட்டது. அப்புறம் லிங்க்கை அழுத்திப் பிடித்து காப்பி செய்து, பிரவுசரில் ஒட்டி, கடைசியில் ஒரு + சேர்த்துத் திறந்தேன். அந்தப் பக்கத்துக்குப் போகாமல் bit.ly தன் பக்கத்திலேயே முழு முகவரியைக் காட்டியது. தொடக்கத்தில் கூரியர் பெயரும் .com-உம் அச்சு அசலாக இருந்தன. அதன் பின் ஒரு புள்ளி, ஏதோ ஏழெட்டு எழுத்து, .top, அதற்கப்புறம்தான் சாய்கோடு.

செந்தில்: அந்தச் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் இருப்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். இடப்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். bit.ly-க்கு + போல, tinyurl என்றால் முன்னால் `preview.` சேர்க்க வேண்டும், is.gd என்றால் கடைசியில் - போட வேண்டும்.

ரஹீம்: இவ்வளவு எதற்கு? பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமே, நான் அப்படித்தான் செய்கிறேன்.

செந்தில்: அண்ணே, வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது, மோசடித் தளத்துக்கும் அது இலவசமாகவே கிடைக்கும்.

மல்லிகா: எனக்கு லிங்க் எல்லாம் வரவில்லை, க்யூஆர்தான். பழைய கட்டிலை விற்கப் போட்டிருந்தேன், வாங்குகிறேன் என்றவர் "இதை ஸ்கேன் பண்ணுங்க அக்கா, பணம் வந்துவிடும்" என்று ஒரு படம் அனுப்பினார். ஸ்கேன் செய்ததும் 4,000 ரூபாய் நிரப்பி, பின் நம்பர் கேட்டது. பணம் வாங்க பின் நம்பர் எதற்கு என்று தோன்றியதால் நிறுத்திவிட்டேன்.

செந்தில்: நல்ல வேளை அக்கா. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது வெறும் எழுத்துதான். கேமரா காட்டும் வரியைத் தொடாமல் படியுங்கள். `upi://pay` என்று தொடங்கினால் நம் கையிலிருந்து பணம் போகும் வழி, `am=` என்பதற்குப் பின் இருப்பது தொகை. கேமரா பாதி முகவரியைத்தான் காட்டுகிறது என்றால் காப்பி செய்து நோட்ஸில் ஒட்டிப் பாருங்கள்.

கயல்: + போட்டுப் பார்த்தாலே போதுமா? எனக்கு அதில்தான் இன்னும் சந்தேகம்.

செந்தில்: அந்த லிங்க் நேராக அனுப்பும் முதல் முகவரி மட்டும்தான் அதில் தெரியும். அங்கேயும் இன்னொரு சுருக்கு லிங்க் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். லினக்ஸ் கணினியின் டெர்மினலில் நான் இப்படிப் பார்ப்பேன்:

```
curl -sI "லிங்க்" | grep -i location
```

பக்கம் திறக்காது, அடுத்த முகவரி மட்டும் வரும். ஆனால் சில தளங்கள் போனிலிருந்து வந்தால் ஒன்று, கணினியிலிருந்து வந்தால் வேறொன்று காட்டும். அதனால் இதில் சுத்தமாகத் தெரிந்தாலும் நான் கார்டு நம்பரைத் தர மாட்டேன்.

ரஹீம்: சரி, ஆளுக்கு ஒரு தனி லிங்க் அனுப்பியிருந்தால், curl போட்டாலும் நாம் பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிடாதா?

செந்தில்: கிளிக் கணக்கில் ஏறலாம். அதற்கு என்னிடம் வழி இல்லை. கயல், அந்தப் பார்சல் எண்ணை கூரியரின் தளத்தில் நேரடியாகப் போட்டுப் பார்த்தீர்களா?

கயல்: பார்த்தேன். மறுநாள் டெலிவரி என்று இருந்தது, வந்தும் விட்டது.