கொம்பில்லாத இந்த மண்டையோடு ஆடா, மானா?

நண்பர்களே, புதர் ஓரத்தில் கிடந்த மண்டையோட்டின் படங்களைப் பதிவிட்டிருக்கிறேன். நீளம் சுமார் 20 செ.மீ. கீழ்த்தாடை கிடைக்கவில்லை.

மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே இல்லை. பல் விழுந்திருந்தால் அது இருந்த குழி எலும்பில் தெரியும். இங்கே குழியும் இல்லை, அதனால் முன்பல் முளைக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் பிறை வடிவ மேடுகள் ஓடுகின்றன. கண்குழிகள் பக்கவாட்டில் பார்க்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி எலும்பு முழு வளையமாக மூடியிருக்கிறது. பன்றிக்கும் நாய்க்கும் அந்த வளையம் பின்பக்கம் திறந்திருக்கும். குதிரைக்கு வளையம் மூடியிருந்தாலும் மேல் முன்பற்கள் உண்டு. ஆக, அசைபோடும் விலங்கு என்பதுவரை எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம்தான் சிக்கல். கொம்பு இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது: பெரும்பாலான பெண் மான்களுக்கும் கொம்பில்லை, சில செம்மறிகளுக்கும் இல்லை. கண்குழிக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே மானுக்கு ஒரு திறந்த இடைவெளி இருக்கும். செம்மறிக்கு அங்கே ஆழமில்லாத பள்ளம் மட்டும், வெள்ளாட்டுக்கு அதுவும் கிடையாது. என் படத்தில் இடதுபுறம் ஓட்டை தெரிகிறது, ஆனால் அங்கே எலும்பு மெலிந்து நொறுங்கியிருக்கிறது. வலதுபுறம் மண் அடைத்திருக்கிறது.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த ஓட்டையின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, உடைந்த மாதிரி கூராக இருக்கிறதா? வலதுபுற மண்ணை எலும்பு உடையாமல் எடுக்க என்ன வழி? வேறு எந்தக் கோணத்தில் படம் வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், எடுத்துப் போடுகிறேன்.